முழுதாக எதிரொளித்த பிறகும் கண்ணாடிக்கு வெளியே ஏன் ஒரு அலை இருக்கிறது?

கேள்வி: ஸ்நெல் விதியைப் பள்ளியிலிருந்தே பயன்படுத்தி வருகிறேன். எல்லையில் மின்காந்தப் புலங்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதிலிருந்தே அது வந்துவிடும் என்கிறார்கள். எப்படி? அப்புறம், முழு அக எதிரொளிப்பில் ஒளி முழுவதும் திரும்பிவிடுகிறது என்றால், மறுபக்கம் ‘தேயும் அலை’ இருக்கிறது என்பது முரண்பாடு இல்லையா?

பதில்:

இரண்டுக்கும் விடை ஒரே அளவில் இருக்கிறது. எல்லையை ஒட்டி அலை எவ்வளவு நெருக்கமாக ஏறி இறங்குகிறது என்பதே அந்த அளவு. அதைப் பிடித்துக்கொண்டால் ஸ்நெல் விதி ஒரு வரியில் வந்துவிடும். அதே வரியைக் கொஞ்சம் நீட்டினால் தேயும் அலையும் வரும்.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு பேசுவோம். எல்லை z = 0 என்ற சமதளம். கீழே கண்ணாடி, ஒளிவிலகல் எண் n₁ = 1.515. மேலே காற்று, n₂ = 1. ஹீலியம்-நியான் லேசரின் சிவப்பு ஒளி, வெற்றிடத்தில் அலைநீளம் 633 நானோமீட்டர், கீழிருந்து மேலே வந்து எல்லையில் படுகிறது. கோணங்களைச் செங்குத்துக் கோட்டிலிருந்து அளக்கிறோம். படுகதிர் x–z தளத்தில் இருக்கட்டும்.

ஊடகத்துக்குள் அலை எண் k = nω/c. இதை இரண்டு கூறுகளாகப் பிரிக்கலாம். எல்லையை ஒட்டிய கூறு kx = k sin θ. எல்லைக்குச் செங்குத்தான கூறு kz = k cos θ. இனிமேல் kx-இன் மேல்தான் கண் இருக்க வேண்டும்.

முதலில், புலம் ஏன் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று பார்த்துவிடுவோம். எல்லையைக் குறுக்கே வெட்டும் மெல்லிய செவ்வக வளையம் ஒன்றை வரையுங்கள். அதன் நீளமான பக்கங்களில் ஒன்று கண்ணாடிக்குள், மற்றொன்று காற்றில். வளையத்தைச் சுற்றி மின்புலத்தைத் தொகையிட்டால் கிடைப்பது, வளையத்துக்குள் காந்தப் பாயம் மாறும் வீதம். இது ஃபாரடே விதி. இப்போது குட்டையான பக்கங்களைச் சுருக்கிக்கொண்டே போனால் பரப்பு பூச்சியத்தை நெருங்கும், அதோடு பாயமும் பூச்சியமாகும். மிஞ்சுவது நீளமான இரண்டு பக்கங்கள் மட்டும். இரண்டிலும் மின்புலத்தின் எல்லையை ஒட்டிய கூறு சமமாக இருந்தாக வேண்டும். ஆம்பியர்-மாக்ஸ்வெல் விதியை இதேபோல எழுதினால் காந்தப்புலம் H-க்கும் இதே முடிவு கிடைக்கும். எல்லையில் தனியாகப் பரப்பு மின்னோட்டம் ஓடக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. கண்ணாடியிலும் காற்றிலும் அப்படி எதுவும் ஓடுவதில்லை.

கண்ணாடிப் பக்கம் படும் அலையும் எதிரொளித்த அலையும் இருக்கின்றன. காற்றுப் பக்கம் கடந்து போன அலை. எல்லையில் தொடர்ச்சி என்றால்:

A·exp i(k_A x − ω_A t) + B·exp i(k_B x − ω_B t) = C·exp i(k_C x − ω_C t)

இது ஒரு புள்ளியில், ஒரு கணத்தில் மட்டும் உண்மையாக இருந்தால் போதாது. எல்லையின் எல்லாப் புள்ளிகளிலும் எல்லா நேரமும் உண்மையாக இருக்க வேண்டும். முழு வாதமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. x = 0 என்ற புள்ளியில் A, B, C மூன்றையும் தக்கபடி தேர்ந்து சமன்பாட்டைச் சரிசெய்துவிடலாம். எல்லையோடு கொஞ்சம் நகர்ந்தால் மூன்று உறுப்புகளின் கட்டமும் சுழலும். மூன்றும் ஒரே வீதத்தில் சுழன்றால்தான் சமன்பாடு அங்கேயும் நிற்கும். ஒன்று வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் சுழன்றால் உடனே குலைந்துவிடும். ஆகவே,

ω_A = ω_B = ω_C, k_A = k_B = k_C

முதல் பாதி, ஒளியின் அதிர்வெண் ஊடகம் மாறினாலும் மாறாது என்கிறது. இரண்டாவது பாதியை விரித்து எழுதினால்:

n₁ (ω/c) sin θ₁ = n₂ (ω/c) sin θ₂

ω/c-ஐ இரு பக்கமும் அடித்துவிட்டால் ஸ்நெல் விதி கையில் இருக்கிறது. எதிரொளித்த அலையும் படும் அலையும் ஒரே கண்ணாடிக்குள் இருப்பதால், அவற்றின் kx சமம் என்றால் கோணமும் சமம். எதிரொளிப்பு விதி இலவசமாகக் கிடைத்துவிட்டது.

இந்த வருவித்தலில் மின்புலம், காந்தப்புலம் என்ற விவரம் உண்மையில் பயன்படவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஏதோ ஒன்று எல்லையில் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், எல்லை நெடுகிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், சமன்பாடுகள் நேரியலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒலியும் நிலநடுக்க அலையும் இதே வடிவ விதிப்படி விலகுவதற்கு இதுதான் காரணம். எந்தப் புலம் எப்படித் தொடர்ச்சியாக இருக்கிறது என்ற விவரம், எவ்வளவு ஒளி திரும்புகிறது, எவ்வளவு கடக்கிறது என்று கேட்கும்போதுதான் தேவைப்படும். ஃப்ரெனெல் வாய்பாடுகள் அங்கே வருகின்றன. ஃப்ரெனெல் அவற்றை ஈதரை நம்பிய காலத்தில் கண்டார். மாக்ஸ்வெல் சமன்பாடுகளையும் எல்லை நிபந்தனைகளையும் வைத்து எதிரொளிப்பையும் விலகலையும் வருவித்தது லோரன்ஸின் 1875ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வு.

எல்லை ஒரே மாதிரி இல்லாவிட்டால் என்ன ஆகும்? சிடியின் பரப்பைப் போலச் சீரான கோடுகள் இருந்தால் kx அப்படியே நிற்க வேண்டிய கட்டாயம் போய்விடும். கோடுகளுக்கு இடையிலான தூரம் d என்றால், kx-உடன் 2π/d-இன் மடங்குகள் கூடவோ குறையவோ செய்யலாம். அதனால்தான் அங்கே ஒரே கதிர் பல திசைகளில் பிரிகிறது. ஸ்நெல் விதி சமமான எல்லைக்கு உரியது என்று சொல்வதன் முழுப் பொருள் இதுதான்.

சரி, இப்போது எண்களைப் போடுவோம். எல்லையின் மேல் அடுத்தடுத்த முகடுகளுக்கு இடையே உள்ள தூரத்தை ‘தடத்தின் நீளம்’ என்று வைத்துக்கொள்வோம். அது 2π/kx, அதாவது 633/(1.515 sin θ₁) நானோமீட்டர். ஒளி செங்குத்தாக வந்தால் எல்லை முழுவதும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும், தடம் முடிவிலி. θ₁ = 30° என்றால் தடம் ஏறத்தாழ 835 நானோமீட்டர். காற்றிலுள்ள அலை இதே தடத்தைத்தான் பதிக்க வேண்டும். அதன் சொந்த அலைநீளம் 633. எவ்வளவு சாய்ந்தால் 633 நானோமீட்டர் அலை எல்லையில் 835 நானோமீட்டர் தடம் பதிக்கும்? sin θ₂ = 633/835 = 0.758, கோணம் 49.3°. கதிர் செங்குத்திலிருந்து விலகிப் போவது இதனால்தான்.

படுகோணத்தைக் கூட்டக் கூட்டத் தடம் சுருங்கிக்கொண்டே வரும். 41.3°-இல் அது சரியாக 633 ஆகிவிடும். காற்றிலுள்ள அலை முழுவதும் படுத்து எல்லையை ஒட்டியே ஓடினால்தான் இந்தத் தடத்தைப் பதிக்க முடியும். இதுதான் மாறுநிலைக் கோணம். 45°-க்குப் போனால் தடம் 591 நானோமீட்டர். 633 நானோமீட்டர் அலைநீளமுள்ள சாதாரண அலை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் 591 நானோமீட்டர் தடத்தைப் பதிக்க முடியாது. சாய்ந்தால் தடம் நீளுமே தவிரக் குறையாது.

அப்படியானால் காற்றில் எதுவுமே இல்லை என்று முடித்துவிடலாமா? முடியாது. உங்கள் முரண்பாட்டுக் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. மின்புலம் y திசையில் அதிர்வதாக வைத்துக்கொள்வோம். படும் அலையின் வீச்சு 1, எதிரொளித்தது r, காற்றில் உள்ளது t. மின்புலத்தின் தொடர்ச்சியும் காந்தப்புலத்தின் தொடர்ச்சியும் தரும் இரண்டு சமன்பாடுகள் இவை:

1 + r = t
k₁z (1 − r) = k₂z t

காற்றில் புலமே இல்லை என்றால் t = 0. முதல் சமன்பாடு r = −1 என்கும். இரண்டாவது r = +1 என்கும். இரண்டும் ஒன்றாக நடக்க வழியில்லை. எதிரொளித்த அலையால் மின்புலத்தை எல்லையில் அழிக்க முடியும், ஆனால் அப்போது காந்தப்புலம் இரட்டிப்பாகும். காந்தப்புலத்தை அழித்தால் மின்புலம் இரட்டிப்பாகும். ஒளி முழுவதும் திரும்புவதற்கே மறுபக்கம் ஒரு புலம் இருந்தாக வேண்டும்.

அந்தப் புலம் எப்படிப்பட்டது? காற்றில் அலைச் சமன்பாடு கேட்பது kx² + k₂z² = (n₂ω/c)² என்பதை மட்டும்தான். kx எல்லையில் ஏற்கெனவே நிர்ணயமாகிவிட்டது. ஆகவே:

k₂z² = (ω/c)² (n₂² − n₁² sin² θ₁)

45°-இல் n₁ sin θ₁ = 1.071, அதன் வர்க்கம் 1.148. அடைப்புக்குள் இருப்பது −0.148. வர்க்கம் எதிர்மறை என்றால் k₂z ஒரு கற்பனை எண்: k₂z = iκ. இதை exp(i k₂z z)-இல் போட்டால் அலைவு மறைந்து exp(−κz) வரும். புலத்தின் முழு வடிவம்:

E = t · exp(−κz) · exp i(kx x − ωt), κ = (ω/c) √(n₁² sin² θ₁ − n₂²)

எல்லையை ஒட்டி ஓடுகிறது, எல்லையை விட்டு மேலே போகப் போகத் தேய்கிறது. exp(+κz)-உம் கணக்குப்படி ஒரு தீர்வுதான். ஆனால் காற்று மேலே முடிவில்லாமல் போகிறது என்றால் அந்தத் தீர்வு எல்லையில்லாமல் வளரும், அதனால் அதை விட்டுவிடுகிறோம். அதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

பலர் இந்த இடத்தில் “sin θ₂ ஒன்றைவிடப் பெரிதாகிறது, ஆகவே ஸ்நெல் விதி உடைகிறது” என்று சொல்வார்கள். விதி உடையவில்லை. kx சமம் என்பது முன்போலவே நிற்கிறது. θ₂ என்ற கோணத்துக்குத்தான் பொருள் போய்விட்டது, ஏனென்றால் காற்றில் சாய்ந்து போகும் கதிர் எதுவும் இல்லை.

நம் உதாரணத்தில் 1/κ = 262 நானோமீட்டர். இவ்வளவு தூரம் மேலே போனால் புலம் ஏறத்தாழ 37 விழுக்காடாகக் குறையும். இந்த ஆழம் கோணத்தைப் பொறுத்து நிறைய மாறும். 42°-இல், அதாவது மாறுநிலைக் கோணத்தைத் தாண்டிய உடனே, 606 நானோமீட்டர். 60°-இல் 119 மட்டும். மாறுநிலைக் கோணத்திலேயே κ பூச்சியம், புலம் தேய்வதே இல்லை.

எல்லையில் அந்தப் புலம் எவ்வளவு வலியது? k₂z = iκ என்று மேலே உள்ள இரண்டு சமன்பாடுகளில் போட்டால்:

r = (k₁z − iκ)/(k₁z + iκ), t = 2k₁z/(k₁z + iκ)

r-இன் மேலும் கீழும் ஒன்றுக்கொன்று இணைக் கலப்பெண்கள். ஆகவே |r| = 1, எதிரொளிப்பு உண்மையிலேயே முழுமையானது. ஆனால் 45°-இல் |t| = 1.88. எல்லைக்கு அந்தப் பக்கம், காற்றில், மின்புலத்தின் வர்க்கம் படும் அலையினுடையதைப் போல மூன்றரை மடங்கு! முதல் தடவை பார்க்கும்போது கணக்கில் ஏதோ தப்பு என்றுதான் தோன்றும். தப்பில்லை. புலம் இருப்பது வேறு, ஆற்றல் கடந்து போவது வேறு.

மேல்நோக்கிப் போகும் ஆற்றலைத் தீர்மானிப்பது Ey, Hx ஆகிய இரண்டின் பெருக்கல். Hx என்பது k₂z·Ey-க்கு விகிதம். k₂z மெய்யெண்ணாக இருந்தால் இரண்டும் ஒரே கட்டத்தில் அதிரும், ஆற்றல் கடக்கும். k₂z கற்பனை எண் என்றால் இரண்டுக்கும் நடுவே 90° கட்ட வேறுபாடு வந்துவிடும். ஒரு சுழற்சிக்குள் ஆற்றல் இரண்டு தடவை காற்றுக்குள் எட்டிப் பார்த்து இரண்டு தடவை திரும்பிவிடும், சராசரி பூச்சியம். x திசையில் மட்டும் ஆற்றல் தொடர்ந்து ஓடுகிறது. தேய்வதைப் பார்த்துவிட்டுக் காற்று ஒளியை உட்கவர்கிறது என்று நினைக்கக் கூடாது. இந்தக் கணக்கில் இழப்பு எங்கேயும் இல்லை. எல்லைக்கு அருகில் ஒளியை உட்கவரும் பொருள் இருந்தால் கதை மாறும். அப்போது எதிரொளிப்பு நூறு விழுக்காட்டிலிருந்து இறங்கும். செல்லின் அடிப்பகுதியை மட்டும் ஒளிரவைத்துப் பார்க்கும் உயிரியல் நுண்ணோக்கிகள், இந்தத் தேயும் புலம் கண்ணாடிக்கு அருகிலுள்ள சாயத்தை மட்டும் தூண்டுவதைத்தான் பயன்படுத்துகின்றன.

r-இன் அளவு 1 என்றாலும் அதற்குக் கட்டம் உண்டு. 45°-இல் அது ஏறத்தாழ −39.5°. இந்தக் கட்டம் kx-ஐப் பொறுத்து மாறுவதால், அகலம் குறைந்த லேசர் கற்றை பட்ட இடத்திலிருந்தே திரும்பாமல் எல்லையோடு சற்று நகர்ந்து திரும்பும். மேலே எடுத்துக்கொண்ட அதிர்வுத் திசைக்கு அந்த நகர்வு 2 tan θ₁/κ, நம் கணக்கில் 524 நானோமீட்டர். கற்றை காற்றுக்குள் 1/κ ஆழம் வரை போய்த் திரும்பியதுபோல வடிவியல் அமைகிறது. கூஸ், ஹென்ஷன் இருவரும் 1947இல் இந்த நகர்வை அளந்து வெளியிட்டார்கள். ஒரு எதிரொளிப்பில் வரும் நகர்வு மிகச் சிறியது என்பதால் ஒளியைக் கண்ணாடித் தகட்டுக்குள் பல தடவை எதிரொளிக்கவிட்டு அதைப் பெருக்கினார்கள்.

தேயும் அலையை நேரடியாகப் பார்க்க வேண்டும் என்றால் அதன் வழியில் இன்னொரு கண்ணாடியைக் கொண்டுவர வேண்டும். முதல் பட்டகத்துக்கு மேலே d இடைவெளி விட்டு இரண்டாவது பட்டகம். இப்போது காற்று முடிவில்லாமல் போகவில்லை, d-இலேயே நின்றுவிடுகிறது. ஆகவே முன்பு ஒதுக்கிய exp(+κz) உள்ளே வந்துவிடும். தேயும் பகுதி, வளரும் பகுதி ஒவ்வொன்றும் தனியாக ஆற்றலை மேலே கொண்டுபோகாது. இரண்டும் சேர்ந்திருக்கும்போது Ey, Hx பெருக்கத்தில் வரும் குறுக்கு உறுப்பு 90° கட்டத்தைக் குலைத்துவிடுகிறது, ஆற்றல் கடக்கிறது. நான்கு எல்லை நிபந்தனைகளையும் தீர்த்தால் கடக்கும் பங்கு:

T = 1 / [1 + ((k₁z² + κ²)² / (4 k₁z² κ²)) sinh²(κd)]

45°-இல் sinh²-க்கு முன்னால் உள்ள எண் 2.48. இடைவெளி 100 நானோமீட்டர் என்றால் 73 விழுக்காடு ஒளி அந்தப் பக்கம் போய்விடுகிறது. 300 என்றால் 17 விழுக்காடு. ஒரு மைக்ரோமீட்டர் என்றால் 0.08 விழுக்காடு மட்டும்.

இந்த மூன்றாவது எண்தான் ஆய்வகத்தில் ஆளைப் படுத்தும். இரண்டு பட்டகங்களை எடுத்து முகத்தோடு முகம் அழுத்தினால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. நடுவே ஒரு மைக்ரோமீட்டர் தூசு உட்கார்ந்திருந்தால் போதும், ஒளி கடக்காது. முகங்களின் தட்டைமையும் அந்த அளவுக்கு இருக்க வேண்டும். ஒன்றின் முகம் மிக லேசாகக் குவிந்திருப்பது உண்மையில் நல்லது. தொடும் இடத்தைச் சுற்றி இடைவெளி மெதுவாகக் கூடும், எதிரொளித்த ஒளியில் நடுவே ஒரு கரும்புள்ளி தெரியும். அழுத்தினால் அது விரியும். படுகோணத்தைக் கூட்டினால் 1/κ குறைவதால் அது சுருங்கும். இரண்டும் நடந்தால் பார்ப்பது தேயும் அலையின் வேலைதான் என்று நம்பலாம். கரும்புள்ளி கோணத்துக்கு அசையாமல் இருந்தால் அங்கே எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

அலைநீளத்தைக் கூட்டினால் இந்தத் தொல்லை எல்லாம் போய்விடும், ஏனென்றால் 1/κ அலைநீளத்தோடு நேர்விகிதத்தில் வளரும். ஜகதீஷ் சந்திர போஸ் 1897இல் செய்தது அதைத்தான். அவர் எடுத்துக்கொண்ட மின் அலைகள் ஒளியைவிடப் பல ஆயிரம் மடங்கு நீளமானவை. ஆகவே கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே உள்ள காற்று இடைவெளியைக் கண்ணால் பார்த்து மாற்றும் அளவிலேயே வைத்து, எந்தத் தடிமனில் எதிரொளிப்பு முழுமையாகிறது என்று அளக்க முடிந்தது.

கருவி எதுவும் இல்லாமல் பார்க்க விரும்பினால், கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர் வையுங்கள். மேலிருந்து தண்ணீருக்குள் எட்டிப் பார்த்தால் பக்கச் சுவர் வெள்ளி பூசினதுபோலத் தெரியும், வெளியே பிடித்திருக்கும் விரல்கள் தெரியாது. சுவரின் வெளிப்புறத்தில் ஒளி முழுவதும் எதிரொளிக்கிறது. இப்போது விரலை நன்றாக அழுத்துங்கள். ரேகையின் மேடுகள் மட்டும் கோடு கோடாகத் தெரியவரும். மேடுகளில் தோல் கண்ணாடியைத் தொடுகிறது, அல்லது 1/κ-க்குள் நெருங்கிவிடுகிறது, அங்கே ஒளி தோலுக்குள் போய்விடுகிறது. பள்ளங்களில் இடைவெளி பல மைக்ரோமீட்டர், தேயும் அலை தோலை எட்டுவதற்கு முன்பே இல்லாமல் போய்விடுகிறது. விரல் காய்ந்திருந்தால் ரேகை மங்கலாகத்தான் விழும். ஈர விரலால் அழுத்தினால், காற்று இடைவெளியைத் தண்ணீர் நிரப்புவதால் கோடுகள் பளிச்சென்று தெரியும்.